மயக்க மருந்து டாக்டரின் பில்

இரண்டு லட்ச ரூபாய்க்குப் பாலிசி இருக்கிறது. ஆஸ்பத்திரி பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டவில்லை. பிறகு எதற்குக் கைக்காசு? மாமனாருக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆன அன்று, கவுண்டரில் நான் கேட்ட கேள்வி இது. அங்கிருந்த பெண் பில்லில் ஒரு பகுதியைத் தொட்டுக் காட்டினார். “டாக்டர் ஃபீஸ் சார். உங்க பாலிசியில அதுக்குத் தனியா லிமிட் இருக்கு.”

அந்தப் பகுதியில் நான்கு வரிகள். ஆபரேஷன் செய்தவருக்கு 45,000. மயக்க மருந்து டாக்டருக்கு 13,000. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வந்து பார்த்த இதய டாக்டருக்கு 3,000. தினமும் ரவுண்ட்ஸ் வந்ததற்கு 3,000. மொத்தம் 64,000 ரூபாய். எங்களுடையது பழைய மெடிகிளெய்ம் பாலிசி. அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், ஆலோசனை சொல்ல வரும் மற்ற டாக்டர்கள் எல்லாருடைய கட்டணமும் சேர்ந்து, ஒரு நோய்க்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் விதி. இரண்டு லட்சத்தில் கால்வாசி 50,000. மீதி 14,000 எங்கள் தலையில். அறை வாடகை 6,000, தியேட்டர், மருந்து, பரிசோதனை வகையில் 78,000 என மற்றதெல்லாம் அதனதன் வரம்புக்குள் இருந்ததால் முழுதாகக் கிடைத்தது.

நான்கு டாக்டருக்கும் சேர்த்து ஒரே வரம்பு என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சர்ஜன் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு, “45,000 தானே, வரம்புக்குள்தான் இருக்கிறது” என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். மயக்க மருந்து டாக்டருக்குப் பெரும்பாலும் சர்ஜன் கட்டணத்தில் கால் பங்கை ஒட்டி ஒரு தொகை வரும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

‘ஒரு நோய்க்கு’ என்ற சொல்லிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசியாக ஆஸ்பத்திரியில் காட்டியதிலிருந்து 45 நாளுக்குள் அதே கோளாறு திரும்பி வந்தால், அது புதிய நோயாகாது. மறுபடி படுத்தாலும் பழைய 25 சதவீதத்தில் மிச்சம் இருப்பதுதான்.

அறையும் இதில் குறுக்கே வரும். எங்கள் பாலிசியில் அறை வாடகை நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 2,000 ரூபாய். 3,000 ரூபாய் அறை எடுத்திருந்தால், வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் கட்டணத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கில் வந்திருக்கும்: 64,000 போய் 42,667. அறைக்கேற்ப டாக்டர் கட்டணத்தை ஏற்றும் ஆஸ்பத்திரிகளில்தான் இந்த வெட்டு. எல்லா அறைக்கும் ஒரே கட்டணம் வாங்கும் இடத்தில் கூடாது. மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனை ஆகியவற்றிலும் இப்படி வெட்டக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் சொல்லிவிட்டது. டாக்டர் கட்டணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சிறிய ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. நர்சிங் ஹோமில் சொந்த சர்ஜன் இருக்கமாட்டார். மயக்க மருந்து டாக்டர் ஒரே காலையில் மூன்று இடம் போய் வருவார். அவர்கள் கட்டணம் ஆஸ்பத்திரி பில்லில் ஏறாது. கையில் வாங்கிக்கொண்டு லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சில பழைய பாலிசிகளில் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. வரிசை எண் அச்சிட்ட பில் வேண்டும், பணம் செக்காகப் போயிருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், எண் போட்ட பில் இருந்தாலும் 10,000 ரூபாய் வரைதான். டாக்டர் ஊருக்குத் திரும்பிய பிறகு அவரைத் தேடிப் பில் வாங்குவது எவ்வளவு பாடு என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வரம்பு கட்டணம் ஏறுவதைத் தடுக்கத்தான் என்பார்கள். அது எனக்கு முழுதாக ஒப்பவில்லை. சர்ஜன் நம் பாலிசியைப் பார்த்துக் கட்டணம் சொல்வதில்லை. ஐந்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு வரம்பு 1,25,000. இதே 64,000 அவருக்கு முழுதாகக் கிடைத்துவிடும். சின்னத் தொகைக்கு எடுத்தவருக்குத்தான் அடி. 2020இல் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் டாக்டர் கட்டணத்துக்கு இப்படித் தனி வரம்பு கிடையாது. டாக்டரிடமே நேரில் கொடுத்திருந்தாலும் ஏற்கும். ஆனால் அதில் ஐந்து சதவீதம் நம் பங்கு. அறை வாடகைக்கும் வரம்பு உண்டு.

பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் உள்வரம்புகள் என்று ஒரு பகுதி இருக்கும். அட்மிஷன் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள். “சர்ஜனுக்கு எவ்வளவு?” என்று கேட்காமல், “எல்லா டாக்டருக்கும் சேர்த்து எவ்வளவு, எல்லாம் ஆஸ்பத்திரி பில்லிலேயே வருமா?” என்று கேளுங்கள்.