தலை போன பெயர்ப்பலகை

யூடியூபில் சமையல் சேனல் தொடங்குகிறார் ஒருவர். பெயர் ‘திண்ணைச் சமையல்’ என்று வைத்துக்கொள்வோம். பேனரின் மேல்பக்கம் பெரிய எழுத்தில் பெயர், நடுவில் கொதிக்கும் மண்சட்டி. கணினியில் வரைந்தபோது கண்ணுக்கு நிறைவாக இருந்தது. கைப்பேசியில் திறந்தால் சட்டியின் வயிறு மட்டும் தெரிகிறது, பெயரைக் காணோம்!

பேனராக நாம் ஏற்றுவது ஒரே படம்தான். அதை ஒவ்வொரு திரையும் தன் அளவுக்கு வெட்டிக்கொள்கிறது. 2560 பிக்சல் அகலம், 1440 உயரத்தில் படம் ஏற்றினால் தொலைக்காட்சி முழுவதையும் காட்டும். கணினி மேலும் கீழும் நறுக்கிவிட்டு, நடுவில் 423 பிக்சல் உயரப் பட்டையை மட்டும் எடுக்கும். கைப்பேசி அந்தப் பட்டையின் இரு ஓரங்களையும் வெட்டிவிடும். எல்லா வெட்டுக்கும் தப்புவது நட்டநடுவில் இருக்கும் 1546க்கு 423 பிக்சல் கட்டம்தான். மொத்தப் படத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைத்தான் பாதுகாப்புப் பகுதி என்கிறார்கள்.

நம் சமையல்காரர் பெயரைக் கீழே இறக்கி, இடது ஓரத்திலிருந்து 200 பிக்சல் தள்ளி வைக்கிறார். கணினியில் சரியாக வருகிறது. ஆனால் பாதுகாப்புக் கட்டம் தொடங்குவதோ 507ஆவது பிக்சலில். இடையிலுள்ள 307 பிக்சல் கைப்பேசியில் போய்விடும். பெயரின் அகலம் ஆயிரம் பிக்சல் என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி. ‘ணைச் சமையல்’ என்று ஒரு சேனலை யார் தேடுவார்கள்?

வரையும்போதே இதைத் தவிர்க்கலாம். இடதும் வலதும் 507 பிக்சல், மேலும் கீழும் 508 பிக்சல் விட்டு, நடுவில் ஒரு கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். பெயரும் லோகோவும் அதற்குள். சட்டி, அடுப்பு, வாழையிலை எல்லாம் வெளியே பரவட்டும். கட்டத்தின் விளிம்பை ஒட்டியும் எழுதக் கூடாது. தமிழில் மேலே புள்ளியும் இகரத்தின் வளைவும் உண்டு, கீழே உகரத்தின் சுழியும் உண்டு. எழுத்தின் உடலை மட்டும் பார்த்து அளந்தால் புள்ளி வெட்டுப்பட்டு மெய் உயிர்மெய்யாகிவிடும்.

கட்டத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது, படிக்கவும் முடிய வேண்டும். ஏழு சென்டிமீட்டர் அகலக் கைப்பேசித் திரையில் 100 பிக்சல் உயர எழுத்து சுமார் நாலரை மில்லிமீட்டராகச் சுருங்கும். 40 பிக்சலில் எழுதிய ‘புதன்தோறும் புது வீடியோ’ இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. அந்த வரியை எடுத்துவிடுவதே மேல்.

படம் 6 எம்பிக்குள் இருக்க வேண்டும். ஏற்றும்போது யூடியூப் ஸ்டூடியோ ஒரு முன்னோட்டம் காட்டும். அதில் Viewable on all devices என்ற கட்டத்துக்குள் பெயர் முழுதாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே சேமியுங்கள்.