“ஒத்துக்கிட்டா முடிஞ்சிடும்” என்று யாராவது சொன்னால்

குற்றவியல் நீதிமன்ற வராந்தாவில் மாதம் இரண்டு முறையாவது என் காதில் விழும் வாக்கியம் இது: “தம்பி, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிட்டே இரு, எதுக்கு வாய்தா வாய்தான்னு அலையுற?” சொல்பவர் சில சமயம் கூட வந்த உறவினர், சில சமயம் காவலர், சில சமயம் கட்சிக்காரரின் சொந்த வக்கீலே. அந்தத் தம்பி உள்ளே போய்த் தலையாட்டிவிட்டு, அபராத ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறான். இரண்டு வருஷம் கழித்து வேலைக்கான போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தில் ‘தண்டிக்கப்பட்டது உண்டா?’ என்ற கட்டத்தின் முன்னால் உட்கார்ந்து எனக்கு போன் செய்கிறான். “சார், அது ஃபைன்தானே? கேஸ் இல்லையே?”

கேஸ்தான். அபராதமும் தண்டனைதான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் முதல் முறை வழக்கில் சிக்குபவர்களின் எஃப்.ஐ.ஆர்.களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வண்டி நிறுத்துவதில் தகராறு, தண்ணீர் லாரி முன் தகராறு, ஷிப்ட் முடிந்து வரும்போது டீக்கடையில் கைகலப்பு. பழைய சட்டத்தில் 294(பி), 323, 324, 506(2) என்று வரிசையாக விழும். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த சம்பவமென்றால் அதே வரிசை பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 118(1), 351(3) என்று வரும்.

பல வழக்குகளைக் கலந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். 23 வயது இளைஞன், தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை. பக்கத்து வீட்டுக்காரரோடு பைக் நிறுத்தும் சண்டை. கையிலிருந்த இரும்புக் குழாயால் அடித்துவிட்டான், நெற்றியில் நான்கு தையல். 118(1): ஆபத்தான ஆயுதத்தால் காயம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடித்தவனுக்கு வருத்தம், அடிபட்டவருக்கும் கோபம் ஆறிவிட்டது. “சமாதானமாப் போயிட்டோம், கேஸை வாபஸ் வாங்கிக்கலாமே” என்கிறார்கள். முடியாது. கையால் அடித்த 115(2) வழக்கைப் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்து முடிக்கலாம். அந்தச் சமரசம் சட்டப்படி விடுதலைக்குச் சமம், பதிவில் தண்டனை ஏறாது. ஆயுதம் சேர்ந்த 118(1) அந்தப் பட்டியலில் இல்லை. ‘பிளீ பார்கெயினிங்’ எனப்படும் குற்ற ஒப்புதல் பேரம் இந்த இடத்தில்தான் உதவுகிறது.

இது 2006 ஜூலை 5 முதல் நம் நாட்டில் இருக்கிறது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 289 முதல் 300 வரையான பிரிவுகள். ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் கிடையாது. பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிரான குற்றத்துக்கும் கிடையாது. ஆகவே குற்றப்பத்திரிகையில் காயமடைந்தவர் பட்டியலை முதலில் படியுங்கள். விலக்கிவிட வந்த பக்கத்து வீட்டு அம்மாவையும் தள்ளிவிட்டதாக எழுதியிருந்தால் இந்தக் கதவு அங்கேயே மூடிக்கொள்ளும். ஆஜரான 14 நாளுக்குள் குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலங்கள் எல்லாவற்றின் நகலும் காசில்லாமல் உங்கள் கைக்கு வர வேண்டும். வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் வாங்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பிரிவு என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

இனி, பெரும்பாலோர் தவறவிடும் அந்த ஒரு நிமிடத்துக்கு வருகிறேன். நடுவர் குற்றச்சாட்டை வனைந்து, படித்துக் காட்டி, “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்பார். வராந்தாவில் சொல்லிக்கொடுத்தபடி “ஆமாங்கய்யா” என்றால், அந்த இடத்திலேயே தண்டனை விதிக்கலாம். அதில் பேரம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, சட்டம் தரும் குறைப்பும் இல்லை. பேரம் வேண்டும் என்பவரும் அன்றைக்கு “இல்லை” என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வது பொய்யும் ஆகாது, நடுவரைப் பகைப்பதும் ஆகாது. குற்றச்சாட்டு வனைந்த தேதியிலிருந்து 30 நாள் இருக்கிறது. அதற்குள் மனு போட வேண்டும். முப்பத்தொன்றாம் நாள் ஓடி வருபவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. தேதியைக் குறித்து வையுங்கள், 30 நாள்.

குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. 351(3) என்ற கொலை மிரட்டல் பிரிவை ஸ்டேஷனில் பழக்கதோஷத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை. சாட்சிகளில் ஒருவர்கூட “கொன்றுவிடுவேன் என்றான்” என்று சொல்லியிராவிட்டால், அந்தப் பிரிவை நீக்கச் சொல்லி வக்கீல் வாதாட வேண்டும். ஏனென்றால் இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவருக்கு, குறைந்தபட்சத் தண்டனை வகுக்கப்படாத குற்றங்களில், பேரத்தின்படி அதிகபட்சத்தில் ஆறில் ஒரு பங்கு விதிக்கலாம் என்கிறது சட்டம். மூன்று ஆண்டில் ஆறில் ஒன்று ஆறு மாதம். ஏழு ஆண்டில் ஆறில் ஒன்று பதினான்கு மாதம். கவனிக்காமல் விட்ட ஒரு பிரிவுக்கு எட்டு மாத வித்தியாசம்.

மனுவை வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே, அம்பத்தூர் என்றால் அம்பத்தூர் நீதித்துறை நடுவரிடம், பூந்தமல்லி என்றால் பூந்தமல்லியில் வழக்கு எண் இருக்கும் நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது எதுவும் இந்த மனு ஆகாது. மனுவில் வழக்கின் சுருக்கம், குற்றப் பிரிவுகள் இருக்க வேண்டும். கூடவே பிரமாணப் பத்திரம். அந்தக் குற்றத்துக்கான தண்டனை என்ன, எவ்வளவு என்பதைப் புரிந்துகொண்டு தானாக முன்வந்து மனு செய்கிறேன் என்றும், இதே குற்றத்தில் முன்பு தண்டிக்கப்பட்டதில்லை என்றும் அதில் உறுதி கூற வேண்டும். பிறகு நடுவர் உங்களைத் தனியறையில் விசாரிப்பார். போலீஸோ எதிர்த்தரப்போ அங்கே இருக்கக் கூடாது. யாராவது மிரட்டித்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால் அந்த அறையில்தான் சொல்ல வேண்டும். வெளியே வந்து என்னிடம் சொல்லிப் பயனில்லை.

நடுவருக்குத் திருப்தியானால் 60 நாளுக்கு மேற்படாத அவகாசம் தருவார். அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரி, பாதிக்கப்பட்டவர், நீங்கள், உங்கள் வக்கீல் உட்கார்ந்து பேச வேண்டும். நம் இளைஞன் வழக்கில் மருத்துவச் செலவு 18,000, வேலைக்குப் போகாத நாட்களுக்கு 12,000, ஆக 30,000 ரூபாய் என்று முடிவாகிறது என்று வையுங்கள். அந்தப் பணத்தை டீக்கடையில் கையில் கொடுக்காதீர்கள். நீதிமன்ற அறிக்கையில் தொகை எழுதப்பட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு, நடுவரும் கையெழுத்திட்ட பிறகு, ரசீதோடு கொடுங்கள். பேச்சு முறிந்தால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். பேரத்துக்காக நீங்கள் சொன்னதை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 299ஆம் பிரிவு காப்பாற்றுகிறது.

அறிக்கை கையெழுத்தானதும் ஆறில் ஒரு பங்கைக் கேட்டு நிற்காதீர்கள். அதற்கு முந்தின படி ஒன்று இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், நான்காம் பிரிவு: சிறைக்கு அனுப்பாமல், மூன்று ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவது. நடுவர் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கலாம். வேலை, குடும்பம், படிப்பு பற்றிய சான்றுகளை அவரிடம் கொடுங்கள். இதைக் கேட்டு மனு போட வேண்டும் என்பது பல வக்கீல்களுக்கே நினைவு வருவதில்லை. அவசரம், அடுத்த கேஸ். கட்சிக்காரர்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஆறாத கோபம்.

சரி, பதிவு என்ன ஆகும்? பேரத்தில் முடிந்த வழக்கு தண்டனையில் முடிந்த வழக்குதான். நன்னடத்தைப் பத்திரத்தில் விட்டாலும் ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பு நிற்கும். அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தண்டனையால் சட்டப்படி வரும் தகுதியிழப்பை மட்டும் நீக்குகிறது. தீர்ப்பையே அது துடைத்துவிடாது என்று ஒரு ரயில்வே ஊழியர் வழக்கில் 1975லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீடும் கிடையாது, ரிட்டும் சிறப்பு அனுமதி மனுவும் மட்டுமே மிச்சம்.

ஆவடி மைதானத்தில் காவலர் தேர்வுக்கு ஓடும் பையன்கள் இதைக் காதில் வாங்க வேண்டும். தமிழகக் காவல் பணி விதி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் தொடர்புடையவராகவே கருதியது. சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008ல் அதை ஏற்றது. அப்படியிருக்க, ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் என்ன எதிர்பார்க்க முடியும்? சீருடை வேலை கனவு என்றால், பேர மனுவில் கையெழுத்திடும் முன் உயர் நீதிமன்றத்தில் சமரசத்தின் அடிப்படையில் வழக்கை ரத்து செய்யக் கோர முடியுமா என்று முதலில் கேளுங்கள். ரத்தானால் தண்டனை என்ற பேச்சே இல்லை.

வளைகுடா வேலைக்குப் போகிறவருக்குக் கணக்கு வேறு. வழக்கு நிலுவையில் இருப்பதே பாஸ்போர்ட்டை மறுக்கக் காரணம். நீதிமன்ற அனுமதி வாங்கி வர வேண்டும். தண்டனை என்று வரும்போதோ, ஐந்து ஆண்டுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்தில் இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறை விதிக்கப்பட்டிருந்தால்தான் அந்தக் காரணம் பொருந்தும். நன்னடத்தைப் பத்திரத்தில் முடிந்த அடிதடி வழக்கு அதில் வராது. ஆனால் காவல்துறைச் சான்றிலும் விசா படிவத்திலும் கேள்வி வரும்.

டெல்லியில் 2020ல் தப்லீக் ஜமாத் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர்மேல் போடப்பட்ட வழக்குகளை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் நூற்றுக்கணக்கானோர் இதே பேரத்தில் ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 36 பேர் மறுத்து விசாரணையைச் சந்தித்தார்கள். டிசம்பரில் அவர்கள் அத்தனை பேரும் விடுதலை. முன்னவர்களை நான் குறை சொல்லவில்லை, ஊர் போக வேண்டிய அவசரம் அவர்களுக்கு. உங்களுக்கு அப்படி என்ன அவசரம் என்று மட்டும் கேட்கிறேன். சாட்சியம் பலவீனமாக இருக்கும் வழக்கில், குழாயைத் தொடவே இல்லை என்பவர், அலைச்சலுக்குப் பயந்து ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பது காரணமாகாது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், காவலில் இருப்பவருக்கும் மட்டுமல்ல, தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் தருகிறது. பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. 15100 என்ற எண்ணில் கேளுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குக் கம்பெனி அடையாள அட்டையோடு போங்கள்.

எல்லாம் முடிந்தபின் நகல் மனு போட்டு, தீர்ப்பிலும் நன்னடத்தை உத்தரவிலும் சான்றிட்ட நகல் மூன்று வாங்குங்கள். 12ஆம் பிரிவின் பலன் உண்டு என்று உத்தரவிலேயே எழுதச் சொல்லி வக்கீல் கேட்டிருக்க வேண்டும். எழுதியிருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். ஒரு நகலை ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கே வழக்கு ‘நிலுவை’ என்றே கிடந்து சரிபார்ப்பில் மாட்டியவர்கள் உண்டு. இன்னொன்று, வேலைப் படிவத்துக்காக. ‘தண்டனை உண்டா’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதி இந்த நகலை இணையுங்கள். சின்ன வழக்கை மறைக்காமல் சொன்னவரை வேலைக்கு எடுப்பதா என்பதை நிர்வாகம் பரிசீலிக்கலாம், மறைத்தவரை அந்த ஒரு காரணத்துக்காகவே நீக்கவும் இடமுண்டு என்பதுதான் 2016ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றாவது நகல் வீட்டில், ரேஷன் கார்டு வைக்கும் பையில் இருக்கட்டும். நீதிமன்றத்துக் கட்டுகள் என்றென்றைக்கும் வைத்திருக்கப்படுவதில்லை.