“பார்க்கிறேன் சார்” என்று எழுதினால் வேலை உங்கள் தலையில்

நம் ஆபீஸ்களில் “முடியாது” என்று யாரும் எழுதுவதில்லை. “கொஞ்சம் கஷ்டம் சார், பார்க்கிறேன்” என்று எழுதுவோம். எழுதியவருக்கு அது மறுப்பு. படித்தவருக்கோ “பார்க்கிறேன்” மட்டும்தான் கண்ணில் படும். ஒரு வாரம் கழித்து “அந்த வேலை என்னாச்சு?” என்று கேட்பார். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று இவர் முனகுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், கோளாறு அந்த மெயிலில் இருக்கிறது.

கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்மணிக்கு 12ஆம் தேதி மாலை மேனேஜரிடமிருந்து மெயில் வருகிறது: “பாலக்காடு கிளை அக்கவுண்டன்ட் வேலையை விட்டுவிட்டார். அந்தக் கிளை ஜிஎஸ்டி பில்களையும் இந்த மாதம் நீங்களே சரிபார்த்துவிடுங்கள்.” படிக்க ஒன்றரை வரிதான். ஆனால் பாலக்காடு கேரளாவில் இருப்பதால் அந்தக் கிளைக்கு ஜிஎஸ்டி எண் தனி, ரிட்டர்னும் தனி. கேட்டவருக்கு அந்த நேரத்தில் இது உறைத்திருக்காது.

பதில் எழுத உட்காருமுன் அவர் செய்ய வேண்டியது, ஒரு துண்டுத்தாளை எடுத்து மணிக்கணக்கு போடுவது. மாதத்தில் கணக்கருக்குக் கழுத்தை நெரிக்கும் நாட்கள் இவைதான். 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியல் வரும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் எந்தெந்த பில்லைக் கணக்கில் காட்டியிருக்கிறார்கள் என்று அதில் தெரியும். அதை நம் கொள்முதல் பதிவோடு பில் பில்லாக ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ கட்ட வேண்டும்.

13 முதல் 20 வரை எட்டு நாள். ஞாயிறு போக ஏழு. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 56 மணி. கோவையின் 640 பில்லுக்கு பில்லுக்கு மூன்று நிமிடம் வைத்தால் 32 மணி. பட்டியலில் வராத பில்களுக்காக சப்ளையர்களைப் போனில் துரத்துவதற்கு 8. பிஎஃப், இஎஸ்ஐக்கு 4. 3பி தயாரித்து ஆடிட்டரிடம் காட்டித் தாக்கல் செய்ய 6. அன்றாடப் பதிவுக்கு நாளுக்கு ஒன்று என்று 7. கூட்டினால் 57. ஏற்கெனவே ஒரு மணி நேரம் இடிக்கிறது. பாலக்காட்டின் 400 பில்லுக்கு இன்னும் 20 மணி வேண்டும்.

இந்தத் தாள் இல்லாமல் எழுதினால் மெயில் புலம்பலாகிவிடும். “ரொம்ப வேலை சார்” என்றால் “எல்லாருக்கும்தான்” என்று பதில் வரும். 57, 56, 20 என்ற எண்களுக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. இனி அவர் எழுதும் மெயில்:

“வணக்கம் சார்,

பாலக்காடு கிளையின் பில் சரிபார்ப்பை இந்த மாதம் என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

20ஆம் தேதிவரை கோவையின் 2பி சரிபார்ப்பு, பிஎஃப், இஎஸ்ஐ, 3பி தாக்கல் ஆகியவை என் கையில் இருக்கின்றன. இவற்றுக்கும் அன்றாடப் பதிவுக்கும் சேர்த்து 57 மணி நேரம் ஆகும், இருப்பது 56. பாலக்காட்டின் 400 பில்லுக்கு இன்னும் 20 மணி நேரம் வேண்டும். அதையும் எடுத்தால் கோவை 3பி 20ஆம் தேதிக்குள் போகாது.

நான் பயன்படுத்தும் எக்செல் ஷீட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆடிட்டர் ஆபீஸில் யாராவது இதைச் செய்வதானால், நாளை மாலை 6 முதல் 7 வரை போனில் விளக்குகிறேன். பெரிய பில்களை மட்டும் இப்போது பார்த்துவிட்டு, மீதிக் கிரெடிட்டை அடுத்த மாதம் எடுக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னால், அந்த மீதியை 21ஆம் தேதிக்குப் பிறகு நான் சரிபார்த்துத் தருகிறேன்.

நன்றி.”

மறுப்பு முதல் வரியிலேயே வந்துவிட்டது. மேனேஜர் இதைப் போனில்தான் பார்ப்பார், திறக்கும் முன்பே முதல் வரி தெரியும். நலம் விசாரித்து, கம்பெனியைப் புகழ்ந்து, ஆறாவது வரியில் “ஆனால்” என்று இழுத்தால் அந்த “ஆனால்” வரை அவர் போயிருக்க மாட்டார். “முடியாது” என்ற சொல் கரடுமுரடாகத் தோன்றினால் “இயலாது” என்று எழுதலாம். எனக்கு அது அரசாங்கக் கடிதம் போலப் படும். சொல் கடுமையாகத் தெரியாமல் காப்பாற்றுவது “இந்த மாதம்” என்ற இரண்டு சொற்கள். மறுப்பது இந்த வேலையை, இந்தத் தேதிக்குள் என்பது அதில் தெளிவாகிவிடுகிறது.

மெயிலில் வீட்டுக் காரணம் ஒன்றுகூட இல்லை என்பதையும் பாருங்கள். பையனுக்குப் பரீட்சை, மாமியாருக்கு முட்டிவலி எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். எழுதினால் அதற்குத் தீர்வு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்: “ராத்திரி வீட்டிலிருந்தே பண்ணுங்களேன்.” மேலும் அடுத்த மாதம் பரீட்சை முடிந்துவிடும், மறுக்கக் காரணமும் போய்விடும். அதைவிட, வேலைப்பளுவைக் காரணம் காட்டி மறுத்தவர் வேலையின் விளைவைச் சொன்னால் போதும். கோவை 3பி தாமதமானால் நாளுக்கு ரூ.50 தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. மேனேஜருக்கு இது தெரியும் என்பதால் மெயிலில் தேதியோடு நிறுத்திக்கொண்டார்.

மாற்று வழி சொல்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மறுத்த குற்ற உணர்ச்சியில் “என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்” என்று எழுதிவிடுவார்கள். மறுநாள் அந்த 400 பில்லும் ‘உதவி’ என்ற பெயரில் வந்து சேரும். இங்கே கொடுத்திருப்பது ஒரு ஷீட், ஒரு மணி நேரம், 21க்குப் பிந்தைய வேலை; மூன்றுக்கும் எல்லை உண்டு. அந்த ஒரு மணி நேரம்கூட ஆபீஸ் முடிந்த பிறகுதான், அவர் விரும்பிக் கொடுப்பது. கிரெடிட்டைத் தள்ளிவைக்கும் யோசனையும் கற்பனையில்லை. விட்டுப்போன உள்ளீட்டு வரிக் கிரெடிட்டை, நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை எடுக்க வழி இருக்கிறது, அதற்குள் ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிடாதவரை. அதுவரை அந்தத் தொகையைப் பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். கட்டலாமா என்பது கம்பெனி எடுக்க வேண்டிய முடிவு.

இவ்வளவு எழுதியும், “எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்று போன் வரத்தான் செய்யும். போனில் வாதாடாமல், “சரி சார், எதை நிறுத்திவைக்கட்டும் என்று சொல்லுங்கள், அதைப் பார்க்கிறேன்” என்று கேட்கலாம். அவர் கோவையைத் தள்ளிவைக்கச் சொன்னால் அது அவருடைய முடிவு. அடுத்த பத்து நிமிடத்தில் அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி: “இப்போது பேசியபடி பாலக்காட்டை முதலில் எடுக்கிறேன். கோவை 3பி 20ஆம் தேதியைத் தாண்டும்.” பாதிப் பேர் இந்த இரண்டு வரியைப் பார்த்ததும் ஆடிட்டருக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

மேலதிகாரியின் மேலதிகாரியை முதல் பதிலிலேயே சிசியில் போட வேண்டாம். அது புகார் கொடுத்ததாகிவிடும். ஆனால் கேட்டவர் வேறு துறைக்காரர் என்றால் கதை வேறு. அப்போது தன் மேனேஜரைச் சிசியில் வைப்பதுதான் முறை, இவருடைய நேரத்தைப் பங்கிடும் உரிமை அவருக்குத்தான் இருக்கிறது.

இதெல்லாம் 12ஆம் தேதி மாலையோ 13 காலையோ நடந்தால்தான். 18ஆம் தேதி இதே மெயிலை எழுதினால், ஒரு எண்கூடத் தப்பில்லாமல் இருந்தாலும், பாலக்காட்டுக்கு வேறு ஆள் தேட இரண்டே நாள்தான் மிச்சம்.