மழை ஜன்னல் போட்டோவுக்கு என்ன எழுதலாம்?

ஐப்பசி பிறந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஜன்னல்தான். கம்பியில் தொங்கும் துளிகள், பின்னால் மங்கலாகத் தெரு. போட்டோ நன்றாகவே வந்துவிடும். கீழே ஒரு வரி எழுதப் போகும்போதுதான் விரல் நின்றுவிடும்.

போன மழையில் எனக்கும் அப்படித்தான். சென்னையில் நான் இருக்கும் வாடகை வீட்டு ஜன்னலைப் படம் எடுத்து, 'மழையின் ஒவ்வொரு துளியிலும் என் பால்ய நினைவுகள்...' என்று டைப் செய்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே ஒட்டவில்லை. மழையும் துளியும்தான் படத்திலேயே இருக்கிறதே! 'பால்யம்' என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதும் இல்லை. அழித்துவிட்டேன்.

சரி, அந்த நேரத்தில் உண்மையில் யார் ஞாபகம் வந்தது? ஆச்சிதான். ஊரில் எங்களுடையது ஓட்டு வீடு. மழை வலுத்தால், ஒழுகும் இடம் பார்த்துக் குண்டான் வைப்பாள். அதையே எழுதினேன்: 'மழை வந்தால் ஆச்சி குண்டான் வைப்பாள்.'

இதில் 'வைப்பாள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'வைத்தாள்' என்றால் ஒரு நாள் நடந்த விஷயம். 'வைப்பாள்' என்றால் ஒவ்வொரு மழைக்கும் நடந்தது. 'நினைவுகள்', 'அந்த நாட்கள்' என்றெல்லாம் சொல்லாமலே பழைய காலம் வந்துவிடுகிறது. இன்னும் சில வரிகள் இதே மாதிரி:

'அப்பா வரும்வரை வாசல் லைட் எரியும்.'

'யூனிஃபார்ம் ஃபேனுக்குக் கீழேதான் காயும்.'

'கணக்கு நோட்டின் நடுப்பக்கம்தான் கப்பலாகும்.'

காகிதக் கப்பல் எல்லோரும் எழுதுவதுதான். ஆனால் பின் அடித்த நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்தால்தான் மற்ற தாள் கழன்று வராது. அது கிழித்தவர்களுக்குத்தான் தெரியும்! வரிக்குப் பின்னால் மூன்று புள்ளி, அழும் எமோஜி எதுவும் வேண்டாம். அவை வந்தால் வரியின் அமைதி போய்விடும். இன்ஸ்டாகிராமில் நீளமான கேப்ஷனின் பின்பாதி மறைந்துகொள்ளும் என்பதால், முதல் வரியிலேயே விஷயம் முடிந்துவிடுவது நல்லது.

என் வரிக்கு வருவோம். குண்டான் சரி, ஆனால் படத்தில் இருக்கும் ஜன்னலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இது கான்கிரீட் வீடு. சொட்டுக்கூட உள்ளே வராது. யோசித்ததில் நான்கே சொற்கள் மிஞ்சின.

'இந்த வீடு ஒழுகாது, ஆச்சி.'

ஆச்சி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. குடும்ப குரூப்பில் எல்லோரும் பார்ப்பார்களே என்று முதலில் அம்மாவுக்கு மட்டும் அனுப்பினேன். 'போடு' என்றாள். போட்டேன்.

ராத்திரி சித்தியிடமிருந்து பதில் வந்தது: "அந்தக் குண்டான் இங்கதான் இருக்கு. உனக்கு வேணுமா?"

அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.