துணையின் நட்பும் பொறாமையும்

கணவனுக்கோ மனைவிக்கோ வேறொருவருடன் நெருங்கிய நட்பு இருக்கும்போது எழும் பொறாமை ஒற்றை உணர்ச்சி அல்ல. ஃபைஃபர், வாங் என்ற உளவியலாளர்கள் 1989இல் வெளியிட்ட வினாத்தாள் அதை மூன்று கூறுகளாகப் பிரித்து அளக்கிறது. ‘இவர்களுக்குள் ஏதாவது இருக்குமோ’ என்ற எண்ணம் ஒன்று. அதனால் வரும் கோபம், வருத்தம், பதற்றம் ஆகிய உணர்ச்சிகள் இரண்டாவது. துருவிக் கேட்பது, செல்பேசியை எடுத்துப் பார்ப்பது போன்ற செயல்கள் மூன்றாவது. முதல் இரண்டும் அனுமதி கேட்டு வருவதில்லை. மூன்றாவதை மட்டும் ஒருவர் செய்யலாம், செய்யாமலும் விடலாம். பொறாமை கட்டுப்பாடாக மாறுவது இந்த மூன்றாவது இடத்தில்தான்.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மனைவி கல்லூரிக் கால நண்பர் ஒருவருடன் வாரத்தில் இரண்டு இரவுகள் செல்பேசியில் பேசுகிறார். அந்தச் சிரிப்புச் சத்தம் கணவருக்கு உறுத்துகிறது. வாட்ஸ்அப்பில் மனைவி கடைசியாக எப்போது வந்தார் என்று பார்க்கத் தொடங்குகிறார். ‘யாரு, என்ன பேசினீங்க?’ என்று கேட்கிறார். மனைவி விவரம் சொன்னதும் மனம் அமைதியாகிறது. ஆனால் அந்த அமைதி மறுநாள் வரைகூட நிற்பதில்லை. ‘முழுவதும் சொன்னாளா?’ என்ற புதுச் சந்தேகம் முளைக்கிறது. மீண்டும் பார்க்கிறார், மீண்டும் கேட்கிறார்.

சோதிப்பது பொறாமையைத் தணிக்காமல் வளர்ப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் பதற்றம் சற்று நேரம் இறங்குகிறது. ‘சோதித்ததால்தான் நிம்மதி’ என்று மனம் கற்றுக்கொண்டு, அடுத்த பதற்றத்துக்கும் அதே மருந்தைக் கேட்கிறது. சோதிக்காமல் இருந்தாலும் பதற்றம் தானாக இறங்கும் என்பதை அறிய வாய்ப்பே கிடைப்பதில்லை. மறுபக்கம், கேள்விகளுக்குச் சலித்த மனைவி சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறார். அந்த மௌனமே கணவருக்குச் சாட்சியாகிவிடுகிறது.

இந்தச் சுழலிலிருந்து வெளியேற முதல் வேலை, சோதிக்கும் உந்துதலைத் தள்ளிப்போடுவது. செல்பேசியை எடுக்கத் தோன்றும்போது அரை மணி நேரம் காத்திருக்கலாம். அதற்குள் பதற்றம் ஏறி, பிறகு இறங்குவதைக் கவனிக்கலாம். காத்திருக்கும்போது நடந்ததையும் அதற்குக் கொடுத்த பொருளையும் தனித்தனியே எழுதிப் பார்ப்பது உதவும். ‘நாற்பது நிமிடம் பேசினாள், சிரித்தாள்’ என்பது நடந்தது. ‘என்னைவிட அவரைத்தான் பிடிக்கிறது’ என்பது பொருள் கொண்டது. இரண்டையும் பிரித்தபின், அடியில் கிடக்கும் இழப்பு தெரியவரும். இந்தக் கணவருக்கு வலித்தது நண்பர் இருப்பதல்ல. குழந்தை பிறந்தபின் தங்கள் இருவருக்கும் இடையே அப்படிப்பட்ட பேச்சு நின்றுபோனதுதான்.

அதன்பின் கேட்க வேண்டியது நண்பரைப் பற்றியல்ல, அந்த இழப்பைப் பற்றி. ‘நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசறப்ப எனக்குக் கொஞ்சம் ஏக்கமா இருக்கு. பாப்பா தூங்கினதும் நாம கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசலாமா?’ என்பது வேண்டுகோள். ‘இனி அவன்கூடப் பேசாதே’ என்பது கட்டளை. மென்மையான குரலில் சொன்னாலும் கட்டளை கட்டளையே. வித்தியாசத்தை அறிய ஒரு வழி உண்டு: மனைவி ‘இன்னிக்கு முடியாது’ என்று சொன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கணவருக்கு ஏமாற்றம் வரலாம். அதைச் சொல்லவும் செய்யலாம். ஆனால் நாள் கணக்கில் பேசாமல் இருப்பது, செலவுக்குப் பணம் தராமல் நிறுத்துவது, மிரட்டுவது என்று தண்டனை தொடர்ந்தால், கேட்டது வேண்டுகோளே அல்ல. துணை பயத்தில் நட்புகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டாலோ, கேட்காமலே கணக்குச் சொல்லத் தொடங்கினாலோ, கட்டுப்பாடு ஏற்கெனவே வேர்விட்டுவிட்டது என்று பொருள்.

இந்த வழிமுறைக்கு வரம்புகளும் உண்டு. பொய், மறைத்த சந்திப்பு என்று நம்பிக்கை உண்மையிலேயே உடைந்திருந்தால், அது மனப்பதற்றம் மட்டுமல்ல. இருவரும் நேருக்கு நேர் பேசித் தீர்க்கவேண்டிய, தேவைப்பட்டால் பிரிவதைப் பற்றியும் முடிவெடுக்கவேண்டிய சிக்கல் அது. அப்போதும் கண்காணிப்பு தீர்வாகாது. எந்த ஆதாரமும் இல்லாமல், எதைச் சொன்னாலும் அசையாத உறுதியுடன் துரோகம் நடப்பதாக நம்புவது மனநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். வன்முறைக்கு இட்டுச்செல்லும் ஆபத்து இருப்பதால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். கண்காணிப்பும் மிரட்டலும் தொடங்கிவிட்ட வீட்டில், பொறுமையாகப் பேசும் பொறுப்பு பாதிக்கப்பட்டவருடையது அல்ல. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் கொடுமையையும் வன்முறையாகவே கருதுகிறது. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.