ஐந்து டாலருக்கு என்ன கிடைக்கும்?

1953 ஜனவரியில் வாஷிங்டனிலிருந்து நான்கு பக்க வார மடல் ஒன்று வெளிவரத் தொடங்கியது. பெயர் ‘ஐ.எஃப். ஸ்டோன்ஸ் வீக்லி’. ஆண்டுச் சந்தா ஐந்து டாலர். அதை நடத்திய ஐ.எஃப். ஸ்டோன் வேலை பார்த்த ‘டெய்லி காம்பஸ்’ நாளிதழ் சில வாரங்களுக்கு முன்புதான் மூடப்பட்டிருந்தது. கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் செனட்டர் மெக்கார்த்தி ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம். இடதுசாரி என்று பெயரெடுத்தவருக்குப் பெரிய பத்திரிகைகளில் இடம் கிடைப்பது கஷ்டம். மூடிப்போன பத்திரிகைகளின் சந்தாதாரர் பட்டியல்களைத் தேடிப்பிடித்துக் கடிதம் போட்டார். தொடங்கும்போதே ஏறத்தாழ 5,300 பேர் சந்தா கட்டியிருந்தார்கள்.

செய்திமடல் எழுதுகிற எவரும் சந்தா கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு என்ன தருவாய்? உன்னை ஏன் நம்ப வேண்டும்? இன்று பலரும் முதல் கேள்விக்கு ‘ஆழமான அலசல்’ என்றும், இரண்டாவதற்குப் பட்டத்தையும் அனுபவ ஆண்டுகளையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வாசகரால் இதில் எதையும் சோதித்துப் பார்க்க முடியாது.

ஸ்டோன் தந்தது சோதிக்கக்கூடிய சரக்கு. அமைச்சர்களோடு விருந்துண்டு உள்விவரம் கறக்கும் நிருபர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். இவருக்கோ காது மந்தம். கூட்டங்களில் உட்கார்ந்து கேட்பதைவிட அவற்றின் எழுத்துப் பதிவை வாங்கிப் படிப்பது எளிது. நாடாளுமன்றக் குழு விசாரணைகள், துறை அறிக்கைகள் என்று அரசே அச்சிட்ட தாள்களைப் புரட்டி, போன மாதம் சொன்னதையும் இந்த மாதம் சொல்வதையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார். அந்தத் தாள்கள் வாசகருக்கும் கிடைக்கும்.

ஒரு சம்பவத்தைப் பார்க்கலாம். 1957 செப்டம்பர் 19 அன்று நெவாடாவில் அமெரிக்கா நிலத்தடியில் ஓர் அணுகுண்டைச் சோதித்தது. ‘ரெய்னியர்’ என்பது அதன் பெயர். அது தொலைதூர நிலநடுக்க நிலையங்களில் பதிவானதாக மறுநாள் நாளிதழில் வந்த துணுக்குச் செய்திகளை ஸ்டோன் எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அணுசக்தி ஆணையம் வெளியிட்ட அறிக்கையோ, அதிர்வு சுமார் 200 மைலுக்கு அப்பால் எட்டவில்லை என்றது. சோதனைத் தடை ஒப்பந்தம் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. ரகசியச் சோதனையைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றால் ஒப்பந்தத்துக்கு அர்த்தமில்லை என்று வாதாட எதிர்ப்பாளர்களுக்கு அந்த எண் கைகொடுக்கும். ஸ்டோன் நிலநடுக்கப் பதிவுகளை வைத்திருந்த இன்னொரு அரசு அலுவலகத்துக்கு நேராகப் போய்ப் பட்டியலைக் கேட்டார். அலாஸ்கா வரை, சுமார் 2,300 மைல் தூரத்திலும், அதிர்வு பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்த வேலைக்கு ரகசியத் தொடர்பு எதுவும் தேவைப்படவில்லை. பழைய துணுக்கைப் பத்திரப்படுத்தும் பழக்கமும், எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவு இருக்கும் என்ற அறிவும் போதுமாயிருந்தன.

ஆவணம் படிக்கிறவர் தவறமாட்டார் என்று இதற்குப் பொருள் கிடையாது. கொரியப் போர் பற்றி 1952-இல் அவர் எழுதிய புத்தகம் தென்கொரியத் தரப்பின் மீது சந்தேகத்தைத் திருப்பியது. படையெடுப்பு ஸ்டாலினின் ஒப்புதலோடு வடக்கிலிருந்து வந்தது என்பதைப் பின்னாளில் திறக்கப்பட்ட சோவியத் ஆவணங்கள் காட்டின. தாள் சரியாக இருந்தும் அதைக் கோத்த விதம் பிசகலாம். மூலத்தைச் சொல்லிவிட்டால் அந்தப் பிசகை வாசகரும் பிடிக்கலாம், அவ்வளவுதான் லாபம்.

பண விஷயத்தையும் மறைக்கக் கூடாது. ஸ்டோனின் மடலை விளம்பரதாரர் யாரும் தாங்கவில்லை, சந்தாதான் தாங்கியது. கணக்குவழக்கை மனைவி எஸ்தர் பார்த்துக்கொண்டார். 1971-இல் நிறுத்தியபோது சந்தாதாரர்கள் 70,000 பேர் அளவில் இருந்தார்கள்.

நம் ஊரில் ஒருவர் அணைநீர் பற்றி வாரமடல் தொடங்குகிறார் என்று வையுங்கள். ‘நீர் மேலாண்மையில் ஆழ்ந்த பார்வை’ என்று அவர் எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. இப்படி எழுதலாம்: ‘சனிக்கிழமைதோறும் காலையில் வரும். மேட்டூரின் 120 அடியில் இன்று எத்தனை அடி நிற்கிறது, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, போன ஆண்டு இதே நாளில் என்ன நிலை என்பது இருக்கும். எண்கள் அரசின் அன்றாட அறிக்கையிலிருந்து எடுத்தவை, தேதியும் போடுவேன். செலவு சந்தாவிலிருந்து மட்டும். தப்பு நேர்ந்தால் அடுத்த மடலின் முதல் வரியில் திருத்தம் இருக்கும். எனக்குக் கடைமடையில் நிலம் உண்டு. அதை மனதில் வைத்துப் படியுங்கள். தண்ணீர் எந்தத் தேதியில் வந்து சேரும் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.’