பில்லோடு போகும் அந்த நான்கு வரி

ஃப்ரீலான்சர் அனுப்பும் பில்லை முதலில் திறப்பவர், வேலையைக் கொடுத்தவராக இருக்க மாட்டார். பெரும்பாலும் அது கணக்குப் பிரிவுக்குத்தான் போகும். அங்கே இருப்பவருக்கு நீங்கள் யார், என்ன செய்தீர்கள் என்று தெரியாது. அவருக்கு ஒரு சந்தேகம் வந்தாலும் பில் ஒதுக்கி வைக்கப்படும். அதனால் பில்லோடு அனுப்பும் மின்னஞ்சலை அவருக்காகவே எழுத வேண்டும்.

மதுரையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிறுவனம் ஒன்றுக்கு 60,000 ரூபாய்க்கு வேலை முடித்துக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்:

"வணக்கம். பயிற்சிக் கையேட்டின் மொழிபெயர்ப்பை ஜூன் 2 அன்று ஒப்படைத்தேன். அதற்கான பில் எண் 14 இணைப்பில் உள்ளது. தொகை ரூ. 60,000, டி.டி.எஸ். 10% போக வரவேண்டியது ரூ. 54,000. கடைசி நாள் ஜூலை 3. வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., பான், உத்யம் பதிவு எண் ஆகியவை பில்லில் உள்ளன. கணக்கு எண் மாறிவிட்டதாக என் பெயரில் வேறு அஞ்சல் வந்தால், பணம் அனுப்பும் முன் என்னைத் தொலைபேசியில் கேளுங்கள். தாமதமானால், நம் ஒப்பந்தப்படி மாதம் 1% வட்டி சேரும்."

இரண்டு தொகையையும் எழுதியதற்குக் காரணம் உண்டு. 54,000 வந்ததும் மீதி எங்கே என்று தேட வேண்டியதில்லை. பிடித்த 6,000 வருமான வரிக் கணக்கில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பான் எண் தராவிட்டால் 20% பிடிப்பார்கள். '30 நாட்களுக்குள்' என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும். தேதியைப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

வட்டி வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒப்பந்தத்தில் இல்லாத வட்டியை பில் அனுப்பும்போது புதிதாகச் சேர்த்தால், எதிர்த்தரப்பு அதை ஏற்க வேண்டியதில்லை. வேலை தொடங்கும் முன்பே அதைப் பேசி, எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மின்னஞ்சல் அதை நினைவூட்டத்தான்.

உத்யம் பதிவு இருந்தால் நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்கள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வேலையை ஒப்படைத்த பிறகு பதிந்தால் அந்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கணக்குப் பிரிவுக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. கெடு தாண்டிய தொகை மார்ச் 31 வரை தரப்படாமல் கிடந்தால், நிறுவனம் அந்த ஆண்டு வருமானத்திலிருந்து அதைச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். ஆண்டு முடியும் வேளையில், உத்யம் எண் உள்ள பில்களைத் தனியே எடுத்துப் பார்க்க அவர்களுக்கு இதுவே போதுமான காரணம்.